“கம்மத்துல செத்த பிள்ளைங்களுக்கு என்ன பதில்?” என்று கூட்டத்தில் கேட்டால்

கேள்வி: நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். போன மாதம் ஓர் அரசுப் பள்ளியில், பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பெற்றோரிடம் பேசினேன். ஊசி இலவசம். 20 நிமிடம் அமைதியாகக் கேட்டார்கள். “ஏதாவது கேள்வி இருக்கா?” என்றதும் எல்லாம் மாறிவிட்டது. ஒருவர், “இதுல உங்களுக்குக் கமிஷன் எவ்வளவுங்க டாக்டரம்மா?” என்றார். இன்னொருவர், “கம்மத்துல ஊசி போட்டு ஏழு பிள்ளைங்க செத்துச்சே, அதுக்கு என்ன பதில்?” என்று சத்தம் போட்டார். ஒரு பாட்டி, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவதில்லை என்றார். ஒரு பெரியவர் மைக்கை வாங்கி ஆங்கில மருத்துவத்தைத் திட்டி நீளமாகப் பேசினார். பொறுமை இழந்து, “வாட்ஸப்ல வர்றதையெல்லாம் நம்பிட்டுப் படிக்காதவங்க மாதிரி கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும் வீடியோவாகச் சுற்றுகிறது. அடுத்த மாதம் வேறு பள்ளியில் பேச வேண்டும். கேள்வி நேரத்தையே எடுத்துவிடலாமா? எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டுமா? வீடியோ போட்டவர் மேல் புகார் கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டர்,

கேள்வி நேரத்தை எடுத்துவிடாதீர்கள். அரங்கத்தில் கேட்க இடமில்லாத கேள்வி வாசலில் கேட்கப்படும். அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். தன் மகளின் கையில் ஊசி போடச் சம்மதம் கேட்கிற கூட்டத்தில், பெற்றவர்களைக் கேள்வி கேட்க விடாமல் அனுப்பினால் சம்மதப் படிவம் வெறும் கையெழுத்தாகிவிடும். கம்மத்தில் நடந்த தவறின் வேரே அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஓர் எண்ணம் அடியோட்டமாக ஓடுகிறது. கேள்வி கேட்டவரைச் சமாதானப்படுத்தினால்தான் வெற்றி என்று நினைக்கிறீர்கள். கமிஷன் கேட்டவர் அன்றைக்கே மனம் மாறி “சரிங்க டாக்டர்” என்று உட்கார மாட்டார். அவர் உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்துப் பேசினால் குரல் ஏறும், பதில் நீளும், இருவர் சண்டையை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். உங்கள் பதில் போய்ச் சேர வேண்டியது, அதே சந்தேகத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு. கேட்டவர் அவர்களுடைய சந்தேகத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். “வாட்ஸப்” என்று நீங்கள் சொன்ன வரி அதனால்தான் அவ்வளவு வலித்தது. அந்தச் செய்தி அரங்கில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். ஒருவரை நோக்கிச் சொன்னீர்கள், எல்லோர் மேலும் பட்டது.

கம்மம் கேள்வியை எடுத்துக்கொள்வோம்

இந்தக் கேள்விதான் உங்களுக்கு மிகக் கடினமானது. ஒழுங்காகக் கையாண்டால் மிகவும் பயன்படப்போவதும் இதுதான். இது வதந்தி என்று ஒதுக்கித் தள்ள முடியாது, ஏனென்றால் பாதி உண்மை. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பல்லாயிரம் சிறுமிகளுக்கு இந்த ஊசி ஆய்வுத் திட்டமாகப் போடப்பட்டது. பின்னர் அவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு ஒவ்வொரு மரணத்தையும் பார்த்தது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா போன்றவை காரணங்களாக இருந்தன. ஊசிக்கும் மரணங்களுக்கும் தொடர்பு இருப்பதாகக் குழு கருதவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய முறையில் பெரிய ஓட்டைகள் இருந்தன. விடுதிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. பக்க விளைவுகளைக் கண்காணித்த விதத்தையும் குறை சொன்னது.

இதெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்ததை எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். “அதெல்லாம் பொய், விசாரணையில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க” என்று தொடங்கினால், ஏழு பிள்ளைகள் இறந்தது உண்மை என்று அறிந்தவருக்கு நீங்கள் பொய் சொல்வதாகவே படும். அதற்குமேல் நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. கேள்வியில் எது உண்மையோ அதை முதல் வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். தவறான பகுதியை அடுத்துத் திருத்துங்கள். அந்தத் தவறு இங்கே நடக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள் என்பதில் முடியுங்கள். பேசுகிற தமிழில் இப்படி வரும்:

“ஆமாங்கய்யா, ஏழு பிள்ளைங்க இறந்தது உண்மைதான். 2009-ல கம்மத்துலயும் குஜராத்துலயும் இந்த ஊசியை ஒரு ஆய்வா போட்டாங்க. பிள்ளைங்க இறந்ததும் அரசாங்கம் திட்டத்தை நிறுத்திட்டு, ஒவ்வொரு சாவையும் விசாரிச்சுச்சு. பாம்பு கடிச்சது, தண்ணில மூழ்கினது, பூச்சிமருந்து, மலேரியான்னு காரணம் தெரிஞ்சுது. ஊசியால செத்ததா விசாரணைக் குழு சொல்லலை. ஆனா வேற ஒரு தப்பு நடந்திருந்துச்சு. பெத்தவங்களைக் கேக்காம ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அது தப்பு. பார்லிமென்ட் கமிட்டியே கண்டிச்சுது. அதனாலதான் இன்னிக்கு உங்ககிட்ட வந்து நிக்கிறேன். உங்க கையெழுத்து இல்லாம இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கும் ஊசி போட மாட்டோம். வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுங்க. அதுக்காக உங்க பொண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.”

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் ஒரு வரி கூட வேண்டாம். கேள்வி சங்கடமானதாக இருக்கும்போது பதிலை நீட்டத் தோன்றும். மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் சொல்கிற ஏதாவது ஒரு சின்னத் தகவல் அடுத்த சண்டைக்கு விதையாகும். இறந்தவர்கள் எண்ணிக்கையை உலகக் கணக்கோடு ஒப்பிடுவதும் வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அந்த இடத்தில் சொன்னால், ஏழு உயிரைக் கணக்கில் கழித்துவிட்டதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். அந்தத் தகவலை உங்கள் உரைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அடுத்த கூட்டத்தில் கம்மம் கதையை யாரும் கேட்பதற்கு முன்பே, உரையிலேயே நீங்கள் சொல்லுங்கள். பயந்து மறைக்கிற விஷயமாக அது இருக்கும் வரைதான் கேட்பவர் கையில் ஆயுதம். நீங்களே எடுத்துச் சொன்ன பிறகு அதே கேள்வி எழுந்தால், அது விளக்கம் கேட்பதாக இருக்குமே தவிர, மாட்டிவிடுவதாக இருக்காது.

கமிஷன் கேள்விக்கும் இதே வரிசைதான், ஒரு எச்சரிக்கையோடு. “நான் கமிஷன் வாங்கலை” என்று சொல்லாதீர்கள். மறுக்கிற வாக்கியத்திலும் கமிஷன் என்ற சொல் உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது. வெட்டிய வீடியோவில் அதுதான் மிஞ்சும். கேள்வியை உங்கள் வார்த்தையில் அரங்கத்துக்குத் திருப்பிச் சொல்லுங்கள்: “இந்த ஊசியால யாருக்குப் பணம் போகுதுன்னு ஐயா கேக்கறாங்க, நியாயமான கேள்வி.” பிறகு பதில்: “ஊசி எங்கிருந்து வருது, யார் பணம் கட்டறாங்கன்னு இந்தப் பலகையில எழுதியிருக்கேன். உங்களுக்குச் செலவில்லை. பத்துப் பிள்ளைக்குப் போட்டாலும் நூறு பிள்ளைக்குப் போட்டாலும் என் சம்பளம் ஒண்ணுதான்.” அந்த விவரத்தைக் கூட்டத்துக்கு முதல் நாளே மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கேட்டு, சரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் பற்றிய கேள்விக்குத் தோராயமான பதில் சொல்வதைப்போல ஆபத்து வேறில்லை.

திருப்பிச் சொல்லும்போது கேள்வியின் காரத்தைக் குறைக்கலாம், கருவை மாற்றக் கூடாது. கம்மம் பற்றிக் கேட்டதை, “ஊசியின் பாதுகாப்பு பற்றிக் கேட்கிறார்” என்று மழுப்பினால், “நான் அதைக் கேக்கலை” என்று அவர் எழுந்து நிற்பார். அப்போது அரங்கம் அவர் பக்கம்.

கோபத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சத்தமாகக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே ரகமில்லை. பயந்தவர் கோபமாகக் கேட்பார், ஆனால் தன் மகளைப் பற்றிக் கேட்பார். கேட்டு முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். மனக்குறை உள்ளவர் நாள், இடம், நடந்த சம்பவம் என்று குறிப்பாகச் சொல்வார். மேடை வேண்டியவர் உங்களைப் பார்க்கவே மாட்டார். அவர் பார்வை கூட்டத்தின் மேல் இருக்கும். நீங்கள் பதிலைத் தொடங்கும்போதே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

பயந்தவருக்கு நேரம் கொடுங்கள். மனக்குறை உள்ளவருக்கு ஒரு வழி காட்டுங்கள். மேடை தேடுபவருக்கு ஒரே ஒரு பதில், அதுவும் அரங்கத்தைப் பார்த்து. முதல் இரண்டு வகையினரை மூன்றாவது வகையென்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கூட ஆஸ்பத்திரியின் மேல் உள்ள ஆத்திரத்தை ஊசியின் மேல் காட்டலாம். எந்த வகையென்று தெரியாவிட்டால், பயந்தவர் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

உடலுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். குற்றச்சாட்டு காதில் விழுந்த உடனே மூச்சு மேலேறும், வாய் முந்திக்கொள்ளும். கையில் ஒரு சிறு தாளும் பேனாவும் வைத்திருங்கள். கேட்பவர் பேசும்போதே அவர் சொல்வதில் முக்கியமான இரண்டு சொற்களை எழுதுங்கள். எழுதக் குனியும்போது அவர் கண்ணிலிருந்து உங்கள் கண் விலகும், மூச்சு ஒருமுறை முழுதாக வெளியேறும், அவர் சொன்னதை மதித்துக் குறித்துக்கொள்வதாக அரங்கம் பார்க்கும். பிறகு தலை நிமிர்ந்து முதல் மூன்று சொற்களை மட்டும் வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லுங்கள். தொடங்கிய வேகம்தான் கடைசி வரை வரும்.

பதில் சொல்லத் தொடங்கும்போது கேட்டவரைப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில் பார்வை அரங்கத்துக்குப் போகட்டும். கடைசி வாக்கியம் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முடியட்டும், அங்கே கை தூக்கியிருக்கும் ஒருவரைப் பார்த்து, “நீங்க கேளுங்கம்மா” என்று சொல்லுங்கள். பதிலை முடித்துவிட்டு, “சரிதானே? புரிஞ்சுதா?” என்பதுபோல மறுபடி அவர் முகத்தையே பார்ப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அது அடுத்த கேள்விக்கு நீங்களே கொடுக்கும் அழைப்பு. கோபமாக நிற்பவரை நோக்கி நடந்து போவதையும் தவிருங்கள். சமாதானமாகப் போவதாக நீங்கள் நினைப்பீர்கள், பின்வரிசையில் இருப்பவர்களுக்கு சண்டைக்குப் போவதுபோலத் தெரியும்.

மைக் யார் கையில்?

பெரியவர் நீளமாகப் பேசியதற்கு உங்கள் பொறுமையின்மையைக் காரணம் சொல்ல வேண்டாம். மைக்கை அவர் கையில் கொடுத்ததுதான் காரணம். கையில் இருக்கும் வரை அது அவர் நேரம், பிடுங்கினால் உங்கள் மேல் பழி. அடுத்த முறை மைக்கை ஓர் ஆசிரியரோ கிராம சுகாதார செவிலியரோ பிடித்திருக்கட்டும். கேட்பவர் அருகில் போய் வாய்க்கு நேராக நீட்ட வேண்டும், கைமாற்றக் கூடாது. கேள்வி முடிந்ததும் மைக் பிடித்திருப்பவர் அடுத்தவரை நோக்கி நகர்ந்துவிடுவார். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதிச் சொற்பொழிவுகள் நின்றுவிடும்.

நேரத்தைப் பார்க்கும் பொறுப்பைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஒருவர் பேச்சை நீங்களே நிறுத்தினால், டாக்டருக்குப் பதில் இல்லை, வாயை அடைக்கிறார் என்று ஆகும். தலைமையாசிரியர் நிறுத்தினால் அது கூட்ட ஒழுங்கு. ஒன்றரை நிமிடம் தாண்டினால் அவர், “ஐயா, கேள்வியை மட்டும் சொல்லிடுங்க, இன்னும் பத்துப் பேர் காத்திருக்காங்க” என்று சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர் போன் பேச வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். அப்படியும் ஒருவர் நிறுத்தவில்லையென்றால், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: “ஐயா, ஆங்கில மருந்துக்குப் பக்க விளைவு உண்டுன்னு சொன்னீங்களே, அதுக்கு மட்டும் இப்பப் பதில் சொல்றேன். இந்த ஊசி போட்ட இடத்துல வலி இருக்கும், வீங்கலாம், சில பிள்ளைகளுக்கு லேசா காய்ச்சல் வரும், சில பேருக்குத் தலை சுத்தும். அதனாலதான் போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம்.” மற்றவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சித்த மருத்துவமா ஆங்கில மருத்துவமா என்ற வழக்கை அந்த அரங்கில் தீர்க்கவும் முடியாது.

கேள்விகளை எழுதி வாங்கும் ஏற்பாடும் அவசியம். கர்ப்பப்பை வாய், பாலியல் தொடர்பு என்றெல்லாம் பேசும் கூட்டத்தில், பக்கத்துத் தெரு ஆண்கள் உட்கார்ந்திருக்க எழுந்து கேட்கும் தாய் மிகக் குறைவு. அதனால் மைக்கில் வருவதெல்லாம் ஆண்களின் கோபமாகவே இருக்கும், தாய்மாரின் சந்தேகம் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். உள்ளே வரும்போதே ஆளுக்கு அரைத்தாளும், வரிசைக்கு நான்கைந்து பென்சிலும் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் எழுதித் தரட்டும். உங்கள் உரை முடிகிற நேரத்தில் சேகரித்து, ஒருவர் பிரித்து வைக்கட்டும். ஒரே கேள்வி பலமுறை வந்தவை ஒரு கட்டு. குறிப்பிட்ட பிள்ளையின் உடல்நிலை பற்றியவை இன்னொன்று. ஊசிக்குச் சம்பந்தமில்லாதவை மூன்றாவது.

முதல் கேள்வி சீட்டிலிருந்து வரட்டும். அரங்கின் சூட்டை முதல் கேள்விதான் தீர்மானிக்கிறது. “இந்த ஊசி போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே?” என்பது அநேகமாக எந்தக் கட்டிலும் இருக்கும். அதையே முதலில் படியுங்கள். ஊசி மலட்டுத்தன்மை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்பதைச் சொல்லுங்கள். எளிய கேள்வியாகப் பொறுக்கி முதலில் வைத்தால், வடிகட்டுகிறீர்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு கையைத் தூக்குபவர்களை விட்டுவிட்டாலும் அதே சந்தேகம் வரும். ஒரு சீட்டு, ஒரு கை என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

பாட்டியின் மாத்திரை

இந்தக் கேள்வியை நீங்கள் தொல்லையாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. அதை வேறு மாதிரி பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வர வேண்டும். வரவில்லை. அவர் கண் முன்னால் டாக்டர் நிற்கிறார். வேறு எப்போது கேட்பார்? வீட்டுக்கு வர வேண்டிய மாத்திரையே வராத ஊரில் ஊசியை மட்டும் எப்படி நம்புவது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அதை மைக்கில் விவாதித்தால் ரேஷன் கடை வரை போகும், தட்டிக் கழித்தால் நம்பிக்கை போகும்.

இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். “எந்த மாசத்திலிருந்து வரலைங்க பாட்டி? … சிஸ்டர், பாட்டி பேரும் தெருவும் எழுதிக்கோங்க. நாளைக்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கிட்ட நானே கேட்டுட்டு உங்களுக்குத் தகவல் சொல்றேன்.” அவ்வளவுதான். உடனே அடுத்த சீட்டு. ஆனால் சொன்னதை மறுநாள் செய்தே ஆக வேண்டும். செய்யவில்லையென்றால் அடுத்த முகாமுக்கு நீங்கள் போகும் முன்பே அந்தச் செய்தி போய்விடும்.

ஒருவருக்கு இப்படிச் செய்ததும் இன்னும் நான்கு பேர் எழுவார்கள். அதனால் விதியை முன்கூட்டியே, யார் முகத்தையும் பார்க்காமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். கேள்வி நேரத்தைத் தொடங்கும்போதே, “ஊசி பற்றிக் கேக்கறதை இங்க கேளுங்க, ஒருத்தருக்கு ஒரு கேள்வி. உங்க பொண்ணோட உடம்பு பற்றின்னா, கூட்டம் முடிஞ்சதும் அந்த மேசையில நான் உட்கார்ந்திருப்பேன். மாத்திரை, ஆஸ்பத்திரி, உதவித்தொகைன்னா வாசல்ல சுகாதார ஆய்வாளர் நோட்டோட இருக்கார்” என்று சொல்லுங்கள். முதலிலேயே சொன்ன விதியை நினைவூட்டினால் யாரும் அவமானப்படுவதில்லை. கேள்வி வந்த பிறகு, “இது தலைப்புக்குச் சம்பந்தமில்லை” என்றால் அது அந்த ஆளைச் சொன்னதாகிவிடும்.

இரண்டாவது கட்டில் உள்ள சீட்டுகளை மைக்கில் படிக்கவே கூடாது. “என் பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை ஓடுகிறது, ஊசி போடலாமா?” என்ற சீட்டைப் பெயரில்லாமல் படித்தாலும், ஒரு வகுப்பில் அப்படி ஒரே பிள்ளைதான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். தவிர, பிள்ளையைப் பார்க்காமல், சீட்டைப் பார்த்து மருத்துவம் சொல்ல முடியாது. மேசைக்கு அனுப்புங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்றால் மதிப்புப் போய்விடும் என்ற பயத்தில் சொல்லப்படும் அரைகுறைப் பதில்தான் மதிப்பைக் கெடுக்கும். ஆனால் வெறுமனே “தெரியாது, பார்த்துச் சொல்றேன்” என்பது போதாது. எங்கே பார்ப்பீர்கள், எந்த நாளுக்குள், யார் வழியாகப் பதில் வரும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். “முந்தி ரெண்டு மூணு டோஸ்னாங்க, இப்ப ஏன் ஒண்ணுங்கறாங்க?” என்று ஒருவர் கேட்கலாம். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் நிலைப்பாட்டை மாற்றியது, கிடைத்த ஆய்வுகள் ஒரு தவணையே நல்ல பாதுகாப்புத் தருவதைக் காட்டியதால். இது தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “இதை மாவட்ட சுகாதார அலுவலகத்துல கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஹெட்மாஸ்டர் மூலமா உங்க பெற்றோர் குரூப்புல போடறேன்” என்று சொல்லுங்கள். வதந்தி ஓடுகிற அதே குழுவில் உங்கள் பதிலும் போய்ச் சேரும்.

இன்னொன்று, கூட்டத்தைக் கேள்வியோடு முடிக்காதீர்கள். உரை 20 நிமிடம், கேள்வி 20 நிமிடம் என்றால், கடைசி இரண்டு நிமிடம் உங்களுடையது. “வேற கேள்வி இல்லைன்னா முடிச்சுக்கலாம்” என்று விட்டால், கடைசியாகக் கேட்டவரின் வார்த்தைதான் காதில் தங்கி வீட்டுக்குப் போகும். அந்த இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியது குறைவு: இந்தப் புற்றுநோயால் நம் நாட்டில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பெண்கள் சாகிறார்கள், பெரும்பாலும் தடுக்கக்கூடியது, படிவம் எப்போது திரும்ப வர வேண்டும், சந்தேகத்துக்கு உங்களை எந்த நாளில் எங்கே பார்க்கலாம்.

வீடியோவும் புகாரும்

உங்கள் வார்த்தையை வெட்டிப் போட்டது வருத்தமான விஷயம்தான். ஆனாலும் புகார் வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் இருப்பது நீங்கள் சொன்ன வார்த்தை, ஒரு பொதுக் கூட்டத்தில் சொன்னது. புகார் கொடுத்தால் வீடியோ இன்னும் நான்கு ஊர் போகும், கேள்வி கேட்ட பெற்றோர் மேல் டாக்டர் போலீசுக்குப் போனார் என்பது அதன் தலைப்பாகும். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது அடிதடிக்கும் மிரட்டலுக்கும். காட்டமான கேள்விக்கு அதை இழுக்கக் கூடாது. யாராவது மேடையை நோக்கி வந்தாலோ, குடும்பத்தைச் சொல்லி மிரட்டினாலோ, பலர் சேர்ந்து கூச்சலிட்டு நடத்தவிடாமல் செய்தாலோ விஷயமே வேறு. அப்போது பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். தலைமையாசிரியர் கூட்டத்தை முடிக்கட்டும், நீங்கள் ஊழியர்களோடு சேர்ந்தே வெளியேறுங்கள், நடந்ததை அன்றைக்கே எழுத்தில் மாவட்ட சுகாதார அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

இந்த வீடியோ பற்றியும் அவருக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது, வேறு வழியாக அவருக்குப் போவதற்கு முன். உங்கள் சொந்தப் பக்கத்தில் விளக்கம் எழுதாதீர்கள். அரசு ஊழியருக்கு அது தனிச் சிக்கல். அடுத்த கூட்டம் முழுவதையும் பள்ளியே பதிவு செய்து வைத்திருக்கட்டும். பிள்ளைகள் முகம் விழாதபடி, மேடையை மட்டும், முன்கூட்டியே அறிவித்துவிட்டு. முழுப் பதிவு இருக்கிறது என்று தெரிந்தால் வெட்டிப் போடுவது குறையும். வெட்டினாலும் முழுதும் உங்களிடம் இருக்கும்.

பழைய பள்ளிக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோர் குழுவுக்கு நான்கு வரி அனுப்புங்கள். “அன்று நான் பேசிய விதம் சரியில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேட்ட கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கான பதிலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நேரில் பேச விரும்பினால் இந்த நாளில் நிலையத்தில் இருப்பேன்.” பேசிய விதத்துக்கு மட்டும்தான் மன்னிப்பு. ஊசி பற்றிச் சொன்ன எதையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. “உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால்” என்று இழுக்கவும் வேண்டாம். இத்துடன் அனுப்பும் ஒரு பக்கத்தில் கம்மம், பணம், மலட்டுத்தன்மை ஆகிய மூன்றும் போதும். பாட்டிக்கு மாத்திரை இன்னும் போகவில்லையென்றால், அந்தப் பக்கத்தை அனுப்புவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.